பின்னில் தொங்கும் கேபிள்

கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன யோசனைப்படி, போன ஐப்பசியில் என் மானிட்டரை ஒரு ஆர்மில் மாட்டினேன். மேசை விளிம்பைக் கவ்விக்கொண்டு, முழங்கை மாதிரி மடங்கியும் நீண்டும் கொடுக்கிற இரும்புக் கை அது. திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தலாம், எழுத்து சின்னதாக இருந்தால் கிட்டே இழுக்கலாம், வேலை முடிந்ததும் சுவரோரம் தள்ளிவிடலாம். கழுத்து வலி பத்து நாளில் குறைந்தது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்து உட்கார்ந்தது. திரையைக் கிட்டே இழுத்தால் படம் போய்விடும். இரண்டு மூன்று விநாடி கறுப்பு, பிறகு தானே வந்துவிடும். சில சமயம் ‘டிங்-டாங்’ என்று கம்ப்யூட்டர் சத்தம் கொடுக்கும். படம் திரும்பி வரும்போது, திறந்து வைத்திருந்ததெல்லாம் அளவு மாறிக் கிடக்கும்.

கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்தேன். ரிச்சி தெருவுக்குப் போய் அதே 1.8 மீட்டர் நீளத்தில் புது ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கி வந்து சொருகினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. சரி, மானிட்டரே பழுது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, புது மானிட்டர் விலை விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

அதற்குமுன் ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று, தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தவர் கம்ப்யூட்டரைப் போடக்கூட இல்லை. போனில் டார்ச்சை அடித்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் குனிந்தார்.

“சார், இந்தக் கேபிள் எதைப் புடிச்சுத் தொங்குதுன்னு பாருங்க” என்றார்.

பார்த்தேன். மானிட்டரின் அடியில் சொருகியிருந்த பின்னைப் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தரையில் இருக்கிற சிபியு வரை குறுக்காக ஓடியது. திரையை நான் முன்னால் இழுத்ததும் வீணைத் தந்தி மாதிரி விறைத்தது.

“பின்னு சொருகுறதுக்குத்தான் சார். தாங்குறதுக்கு இல்ல.”

பழைய மானிட்டர் வைத்திருந்தவர்களுக்கு நீலத் தலையோடு வந்த விஜிஏ பின் நினைவிருக்கும். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 15 முனைகள், இரண்டு பக்கமும் திருகாணி. அதைத் திருகி முறுக்கிவிட்டால் கேபிளை இழுக்கிறபோது மானிட்டரே கூட நகரும், பின் மட்டும் வராது. 2002 கடைசியில் வந்த ஹெச்டிஎம்ஐக்குத் திருகாணி கிடையாது. சோனி, பானசோனிக், தோஷிபா, பிலிப்ஸ் போன்ற டிவி உலகத்து நிறுவனங்கள் கூடி உருவாக்கியது அது. ஹாலில் ஒரு தடவை சொருகிவிட்டு வருடக்கணக்கில் தொடாமல் விடுகிற இடத்துக்குத் திருகாணி எதற்கு? சாக்கெட்டின் உலோக ஓட்டில் இருக்கும் குட்டி வில்தகடுகள் பின்னை அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்காரர்களுக்காக 2006-இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட்டில் பெரும்பாலான கேபிள்களுக்குக் கொக்கி உண்டு. தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் கழன்று வரும். அதில் பின் கழலாது என்பது உண்மை. ஆனால் கழலாத பின்னை இழுத்தால் அந்த இழுவை முழுக்க உள்ளே இருக்கும் சாக்கெட்டுக்குத்தான் போகும்.

ஹெச்டிஎம்ஐ பின்னின் வாய் 14 மில்லிமீட்டர் அகலம்தான். அதற்குள் 19 தொடுமுனைகள், இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் தள்ளி. பின் சாக்கெட்டுக்குள் போவது ஒரு சென்டிமீட்டர் சொச்சம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலையும் அதை ஒட்டிய விறைப்பான ரப்பர் கழுத்தும் சேர்ந்து நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வரும். கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். வெளியே ஐந்து பங்கு, உள்ளே ஒரு பங்கு. கேபிளின் கழுத்தைப் பக்கவாட்டில் ஒரு கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால், உள்ளே சாக்கெட்டின் உதட்டில் கிட்டத்தட்ட ஐந்து கிலோவாக இறங்கும். கேபிளின் சொந்த எடை இருநூறு கிராமைத் தாண்டாது. அது மட்டும் தொங்கினால் உடனே ஒன்றும் கெட்டுவிடாது. கெடுப்பது, திரையை நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் நம் கை போடுகிற அந்த இழுவை. அதைச் சாக்கெட் வாங்கிக் கொள்கிறது, சாக்கெட்டை போர்டில் ஒட்டியிருக்கும் ஈயப்பற்று வாங்கிக் கொள்கிறது. வில்தகடுகள் தளர்கின்றன, நாளடைவில் ஈயத்தில் மயிரிழை விரிசல் விழுகிறது. புதுக் கேபிள் போட்டும் இரண்டே நாளில் என் வீட்டில் பழைய கதை திரும்பியதற்குக் காரணம் இதுதான். புதுப் பின் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அதையும் நான் இழுத்து இழுத்துத் தளர்த்திவிட்டேன்.

இருட்டில் இரண்டு வகை

விஜிஏ காலத்தில் பின் தளர்ந்தால் திரை சொல்லிவிடும். மூன்று நிறத்தில் ஒன்று விட்டுப்போய் முகமெல்லாம் மஞ்சளாகவோ ரோஸ் நிறமாகவோ தெரியும், அல்லது எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் தட்டும். ஹெச்டிஎம்ஐயில் அப்படிப் படிப்படியாகக் கெடுவது குறைவு. வருவதெல்லாம் ஒன்றும் பூச்சியமும். அவற்றை மானிட்டர் சரியாகப் படிக்க முடிகிறவரை படம் பளிச்சென்று இருக்கும். அந்த எல்லைக்கு ஒரு அடி இந்தப் பக்கம் வந்தால் வெள்ளைப் புள்ளிகள் மின்மினி மாதிரி சிதறும். இன்னொரு அடி வந்தால் கறுப்பு. அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று எல்லோரும் சொல்கிறோம். நேற்றும் அது விளிம்பில்தான் நின்றிருக்கும்.

இருட்டு வந்தபோது கம்ப்யூட்டர் ‘டிங்-டாங்’ சொன்னதா, சொல்லவில்லையா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சிபியுவிலிருந்து 18-ஆம் முனை வழியாக ஐந்து வோல்ட் மானிட்டருக்குப் போகிறது. மானிட்டர் அதை வாங்கி 19-ஆம் முனை வழியாகத் திருப்பி அனுப்புகிறது. ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பதற்கு அதுதான் அடையாளம். பின் அசைந்து அந்தத் தொடர்பு பத்தில் ஒரு பங்கு விநாடி அறுந்தாலும் போதும், மானிட்டரைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்கிறது. மறுபடி தொட்டதும் ‘நீ யார், உன் அளவு என்ன’ என்று முதலிலிருந்து விசாரிக்கிறது. அதனால்தான் சத்தமும், ஜன்னல்கள் கலைவதும். ஆக, இருட்டோடு சத்தமும் வந்து, அதுவும் எதையாவது தொட்டபோது வந்தால், பின் ஆடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

சத்தமே இல்லாமல் திரை மட்டும் இருண்டு திரும்பினால், அல்லது புள்ளிகள் சிதறினால், ‘இருக்கிறேன்’ என்கிற முனை சரியாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. படம் ஓடுகிற ஜோடிக் கம்பிகளில்தான் கோளாறு. கேபிள் எங்கோ நசுங்கியிருக்கலாம், தேவைக்கு மேல் நீளமாக இருக்கலாம், அல்லது இந்த வேகத்துக்கு ஏற்ற தரமே இல்லாமல் இருக்கலாம். வேகம் என்று சொன்னால் எவ்வளவு? 4கே திரையில் விநாடிக்கு 60 தடவை படம் மாறினால் கேபிளில் விநாடிக்கு ஏறத்தாழ 1,800 கோடி பிட் ஓடுகிறது. அதையே 30 தடவையாக்கினால் பாதிதான். சாதாரண ஃபுல் ஹெச்டி 60 தடவைக்கு 450 கோடிகூட வேண்டாம். அதே கேபிள் பழைய ஃபுல் ஹெச்டி மானிட்டரில் ஐந்து வருடம் உழைத்துவிட்டுப் புது 4கே மானிட்டரில் திக்கித் திணறுவது இதனால்தான்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லை. விண்டோஸ் 11-இல் `Settings > System > Display > Advanced display` போய், `Choose a refresh rate` என்ற இடத்தில் 60-ஐ 30 ஆக்கிவிட்டு அரைநாள் வேலை பாருங்கள். மவுஸ் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருட்டு அடியோடு நின்றுவிட்டால் கேபிளின் தரம் அல்லது அது போகிற வழி காரணம். 30-லும் தொட்டால் இருள்கிறது என்றால் பின், சாக்கெட் பக்கம் பாருங்கள். அப்போது செய்ய வேண்டிய சோதனை இன்னும் எளிது. ஒரு கையால் பின்னை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு முழம் தள்ளிக் கேபிளை ஆட்டிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் கேபிளை விட்டுவிட்டு, பின்னை மட்டும் விரல் நுனியால் மெல்ல மேலும் கீழும் தொடுங்கள். மானிட்டர் பக்கம் முடித்துவிட்டு சிபியு பக்கமும் இதையே செய்யுங்கள். சிபியு பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மாப் போடும்போது நகர்த்தப்படுவது அதுதான், கால் இடிப்பதும் அதன் மேல்தான்.

என் வீட்டில் சத்தத்தோடு வந்த இருட்டு, மானிட்டர் பக்கப் பின்னைத் தொட்டதும் அப்படியே வந்து நின்றது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நூல் பிடித்து அளந்தது

தம்பி அடுத்துக் கேட்டது ஒரு நூல்கண்டு. பூக்காரம்மா கொடுத்த மல்லிகைப் பந்தில் சுற்றிவந்த நூல் இருந்தது, அதையே எடுத்துக் கொடுத்தேன். கேபிள் போக வேண்டிய வழி முழுக்க அந்த நூலை விட்டு அளக்கச் சொன்னார். கண்ணுக்கு நேரே தெரிகிற தூரத்தை அளக்கக் கூடாது, ஓரங்களைப் பிடித்துக்கொண்டு கேபிள் நிஜமாக நடக்கப்போகிற தூரத்தை அளக்க வேண்டும். ஆர்மை முழுசாக நீட்டி, திரையை என் மூக்குக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அளக்க ஆரம்பித்தார். சுவரோரம் தள்ளி வைத்து அளந்தால் இழுக்கிற அன்று பற்றாமல் போகும்.

சிபியு பின்புறம் ஒரு வளைவுக்கு 40 சென்டிமீட்டர். இது வீண் இல்லை. தூசி தட்ட சிபியுவை ஒரு அடி முன்னால் இழுத்தாலும் பின் விறைக்காமல் இருக்க வேண்டுமே. அங்கிருந்து மேசைக்காலை ஒட்டி மேலேற 50. மேசையின் அடிப்பலகையில் பின்விளிம்பு வழியாக ஆர்ம் கவ்விய இடம் வரை 60. ஆர்மின் நடுத்தண்டில் ஏற 30. முன்கை 25, பின்கை 25. கையின் நுனியிலிருந்து மானிட்டர் முதுகில் சாக்கெட் வரை 25. ஆர்ம் மூன்று இடத்தில் மடங்குகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தளர்வுக்குப் பத்துப் பத்தாக 30. மொத்தம் 285. நான் வாங்கியிருந்தது 180. ஒரு மீட்டருக்கும் மேல் குறையாக வைத்துக்கொண்டு, அந்தக் குறையை ஒரு சென்டிமீட்டர் உலோக உதட்டின் தலையில் கட்டியிருந்தேன்.

மூன்று மீட்டர் கேபிள் வாங்கினோம். 4கே 60-க்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று சான்று பெற்ற கேபிள் போதும். அது 1,800 கோடிக்குச் சோதிக்கப்பட்டது. அதற்கு மேல் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்று ஒன்று 4,800 கோடிக்கு இருக்கிறது. 120 தடவை மாறும் திரையில் விளையாடுகிறவர்களுக்கு அது வேண்டும். சான்று பெற்ற பெட்டியில் போனால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கேபிள் மேலே ‘4கே’ என்று அச்சடித்திருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பத்து மீட்டர் வாங்கிப் போட்டால் எதற்கும் இருக்குமே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாதாரணச் செம்புக் கேபிளில் நீளம் கூடக்கூட அந்த எல்லை கிட்டே வரும். தேவைக்கு மேல் ஒரு முழம் போதும்.

கட்டுகிற வேலை மானிட்டர் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. முதல் கட்டுத்தான் எல்லாவற்றிலும் முக்கியம், மற்றவை அழகுக்கு என்றுகூடச் சொல்லலாம். பின்னைச் சொருகி, கேபிளை அது போகிற போக்கிலேயே நான்கு, ஐந்து சென்டிமீட்டர் நேராக விட்டு, பிறகு ஒரு டம்ளர் வாய் அளவுக்கு வளைத்து, பின்னிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஆர்மின் தலையில் வெல்க்ரோ பட்டையால் கட்டினார். மானிட்டரோடு சேர்ந்து திரும்புகிற பாகத்தில்தான் கட்ட வேண்டும். திரும்பாத தண்டில் கட்டினால் ஒவ்வொரு திருப்பலுக்கும் பின் முறுக்கு வாங்கும். இந்த ஒரு கட்டு மட்டும் இறுக்கம். கட்டியபின் கீழே இருந்து கேபிளை நன்றாக இழுத்துக் காட்டினார். கட்டு இழுபட்டது, ஆர்ம் லேசாக ஆடியது, பின்னுக்கும் கட்டுக்கும் நடுவே இருந்த வளைவு மட்டும் அப்படியே சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருப்பதற்காகத்தான் இவ்வளவும்.

அதற்குப் பிறகு வந்த கட்டுகளெல்லாம் தளர்வானவை. விரலால் இழுத்தால் பட்டைக்குள் கேபிள் வழுக்கி ஓட வேண்டும். மூட்டு வருகிற இடத்தில் கட்டே கிடையாது. மூட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் தளர்வு. ஒவ்வொரு மூட்டையும் கட்டியதும் ஆர்மை முழுக்க மடக்கி, முழுக்க நீட்டி, இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது மூட்டில் தளர்வு பற்றவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார். வெல்க்ரோ என்பதால் ஒரு நிமிஷ வேலை.

பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தால் கத்தரிக்கோல் தேட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றும் உண்டு. ஹெச்டிஎம்ஐ கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே இவ்வளவுதான் இடைவெளி என்று அளந்து வைக்கப்பட்டவை. டேக்கை நறுக்கென்று இழுத்தால் அந்த இடத்தில் உறை நசுங்கி இடைவெளி மாறும். அங்கே போய் மோதுகிற சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். ஒரு இடம் நசுங்கினால் தெரியாமல்கூடப் போகலாம். அழகாக ஒரு சாணுக்கு ஒரு டேக் என்று பத்து இடத்தில் இறுக்கினால் சத்தமில்லாத இருட்டு வரும். கூர்மையாக மடிப்பதும் இதே வினைதான். ஆறு, ஏழு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேபிளை எலுமிச்சம்பழம் சுற்றளவுக்குக் குறைவாக வளைக்காதீர்கள். ஆர்மில் ஆடிக்கொண்டே இருக்கிற இடத்தில் ஆரஞ்சுப்பழம் அளவாவது வேண்டும்.

மிஞ்சிய பதினைந்து சென்டிமீட்டரை சிபியு பக்க வளைவோடு சேர்த்துவிட்டோம். நிறைய மிஞ்சியிருந்தால் ஒரு தட்டு அகலத்துக்குச் சுருட்டி மேசையின் அடிப்பலகையில் கட்டித் தொங்கவிட வேண்டும். சுருட்டை பின்னுக்குப் பக்கத்தில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஆர்ம் இல்லாத மேசைக்கு

என்னைப் போல் ஆர்ம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். சாதாரண ஸ்டாண்டில் மானிட்டரை வைத்து, மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிற வீடுகளே அதிகம். அங்கே கேபிளின் எதிரி சுவர். சாக்கெட் பின்னோக்கி இருக்கிற மானிட்டரில், பின் நேராகச் சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். இடம் வேண்டும் என்று மேசையை ஒரு தள்ளு தள்ளினால் சுவர் கேபிளின் கழுத்தை மடித்து, பின்னைக் கீழ்நோக்கி நெம்பும். அதே கடப்பாரைக் கணக்கு, இந்தத் தடவை இருபத்துநாலு மணி நேரமும். மானிட்டரின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர், அதாவது ஒரு உள்ளங்கை அகலம் இருக்கட்டும். மேசை நகர்ந்து நகர்ந்து சுவரை முட்டுகிற வீடானால், மேசையின் பின்கால்களுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டால் கவலை இல்லை.

இடமே இல்லை என்றால் ‘எல்’ வடிவப் பின் உள்ள கேபிள் வாங்கலாம். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஹெச்டிஎம்ஐ வாய் ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் குறுகலாக இருப்பதால் அதைத் திருப்பிச் சொருக முடியாது. சில ‘எல்’ பின்கள் கீழே பார்க்கும், சில மேலே பார்க்கும். உங்கள் மானிட்டரில் அகலப் பக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தனியாக விற்கிற ‘எல்’ அடாப்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது சாக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே இன்னொரு இணைப்பு. ஆடுவதற்கு இன்னொரு இடம். நெம்புகோலின் நீளத்தையும் கூட்டுகிறது.

ஸ்டாண்டு வைத்த மானிட்டரில் கட்டு போடுகிற இடம் ஸ்டாண்டின் கழுத்து. பலவற்றில் அதற்கென்றே ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அது அழகுக்கு என்று நினைத்து நாம் அதற்குள் கேபிளை விடுவதில்லை. விட்டால் மட்டும் போதாது, அங்கே ஒரு பட்டையும் போட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் அதற்குள் வழுக்கி, இழுவை மறுபடி பின்னுக்கே வந்து சேரும்.

நின்றும் உட்கார்ந்தும் வேலை பார்க்கிற மேசை வாங்கியிருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அது அரை மீட்டருக்கு மேல் ஏறும். சிபியு தரையிலும் மானிட்டர் மேசையிலும் இருந்தால் அந்த அரை மீட்டரையும் கேபிள்தான் கொடுத்தாக வேண்டும். மேசையை உச்சிக்கு ஏற்றிவிட்டு அளங்கள். முடிந்தால் சிபியுவையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் மேசையோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். அப்போது மேசை ஏறும்போது தரையிலிருந்து எழுவது ஒரு கரண்ட் ஒயர் மட்டும்தான்.

எல்லாம் ஒழுங்காகக் கட்டியும் எப்போதாவது ஒரு இருட்டு வருகிறதா? மேசையை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். மின்விசிறி சுவிட்சைத் தட்டும்போது வரலாம். சுவிட்சில் பொறி பறக்கிற கணத்தில் எழும் மின்காந்த அதிர்வைக் கேபிள் வாங்கிக்கொள்கிறது. நாற்காலியிலிருந்து எழும்போதும் வரலாம். சிரிக்காதீர்கள். கேஸ் சிலிண்டரில் ஏறி இறங்குகிற ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் கிளம்புகிற அதிர்வு மானிட்டரை ஒரு கணம் இருளச் செய்யும் என்று டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கான உதவிக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. நல்ல உறை போட்ட கேபிளும், அதன் மேல் பிளந்து மூடுகிற ஒரு ஃபெரைட் உருளையும் இதற்குப் பெரும்பாலும் போதும். கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதே என்று சொல்வதற்கும் இதைத்தான் காரணம் காட்டுவார்கள். நல்ல கேபிளுக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆனால் லேப்டாப் சார்ஜர் மாதிரி கனமான, தினம் பிடுங்கிச் சொருகுகிற ஒயரோடு மானிட்டர் கேபிளைக் கட்டினால் அந்தப் பிடுங்கலெல்லாம் இதற்கும் பங்கு வரும். நான் தள்ளிக் கட்டுவது அதற்காக.

ஏற்கெனவே சாக்கெட் ஆடிப்போன மானிட்டருக்கு இதெல்லாம் வைத்தியம் ஆகாது. பின்னைச் சொருகியதும் தலை தொங்குகிறதா, சாக்கெட் ஓடே கூட அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், மானிட்டரில் இன்னொரு சாக்கெட் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் இன்னும் நல்லது. காகிதத்தை மடித்துப் பின்னுக்கு முட்டுக் கொடுக்கிற வழக்கம் பல கடைகளில் உண்டு. அன்றைக்குப் படம் வரும். ஆனால் அந்த முட்டு சாக்கெட்டை எதிர்ப்பக்கமாக நெம்பிக்கொண்டே இருக்கும்.

என் மானிட்டரின் முதல் ஹெச்டிஎம்ஐ சாக்கெட் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவதுக்கு மாறினோம். தம்பி நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நான் பழுது என்று ஒதுக்கிப் போட்ட பழைய கேபிள் இப்போது ஹாலில் டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே ஓடுகிறது. எட்டு மாதமாக ஒரு தடவைகூட அது இருளவில்லை.